பத்து நிமிடத்துக்கு ஒரு விண்ணப்பம்

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்களுடைய கடுமையான வேலைப்பளுவுக்கு நடுவே தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தங்கள் மேலான வழிகாட்டுதலின்கீழ் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் மாணவி. என் ஆய்வின் முன்னேற்றம் குறித்துத் தங்களிடம் பேச விரும்புகிறேன். தங்களுக்கு நேரம் இருக்கும்போது, தங்கள் வசதிப்படி, ஒரு பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். என்றும் நன்றியுடன், தங்கள் கீழ்ப்படிந்த மாணவி.”

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்த மின்னஞ்சலை எழுதாத ஆய்வு மாணவர் அரிது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும். ஆங்கிலத்திலும் இதே குனிவுதான். மூன்றாம் வரியைப் பாருங்கள். தன் சொந்த வழிகாட்டிக்கே தான் யார் என்று அறிமுகம் செய்துகொள்கிறாள். அவர் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துக்கொண்ட மாணவி. ஓராண்டுக்கு மேலாக அவர் அறை வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவள். இருந்தும் அறிமுகம் தேவைப்படுகிறது. அது பணிவு என்று நினைத்தால் நீங்கள் பல்கலைக்கழகப் பக்கமே போனதில்லை. அது அனுபவம்.

இப்போது யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று பார்ப்போம். ஏழாவது ஊதியக் குழுவின்படி பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 1,44,200 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. கொடுப்பது நாம். தீப்பெட்டி வாங்குகிறவனும் வரி கட்டுகிறான். எதற்குக் கொடுக்கிறோம்? பாடம் நடத்த, ஆய்வு செய்ய, ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்ட. ஆக அந்த மாணவி கேட்கும் பத்து நிமிடம் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கப்பட்டது. வாங்கிய பொருளைக் கையில் தரச்சொல்லி மன்னிப்போடு ஆரம்பித்து நன்றியோடு முடிக்கிறாள். ரேஷன் கடையில்கூட இவ்வளவு கும்பிடு கிடையாது. அங்கே குறைந்தபட்சம் கார்டை நீட்டினால் போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்டத்துக்கான புதிய விதிகளை அறிவித்தது. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வாளர் அதன் முன் வந்து முன்னேற்றத்தை விளக்க வேண்டும். குழு அதைப் பார்த்து, பரிந்துரை எழுதி, ஒரு நகலை ஆய்வாளருக்கும் தர வேண்டும். படித்தால் புல்லரிக்கும். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. சந்திப்பு அவளுடைய உரிமை, காலண்டரிலேயே எழுதி வைக்க வேண்டியது.

இந்தக் குழுவைக் கூட்ட வேண்டியவர் யார்? வழிகாட்டி. அவரே அமைப்பாளர். கூட்டாவிட்டால் கேட்க வேண்டியவர் யார்? குழு. குழுவை யார் கூட்டுவார்? வழிகாட்டி. இந்த வட்டத்தை வரைந்தவருக்குத்தான் முதலில் முனைவர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. மாணவியின் முன்னேற்றம் திருப்தி தராவிட்டால் குழு காரணத்தைப் பதிவுசெய்து, திருத்த வழி சொல்லலாம். சொன்னதை அவள் செய்யாவிட்டால் பதிவையே ரத்துசெய்யப் பரிந்துரைக்கலாம். சரி, நியாயம். வழிகாட்டி நேரம் தராவிட்டால்? அதற்கு அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. பேராசிரியர் தவறலாம் என்ற சாத்தியமே விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. எழுதியவர்களும் பேராசிரியர்கள்.

அப்படியானால் செமஸ்டர்தோறும் கூட்டம் நடக்கிறதா? தாளில் நடக்கிறது. அலுவலகத்திலிருந்து படிவம் வரும். மாணவி அதைப் பூர்த்திசெய்வாள். முன்னேற்றம் எப்படி என்ற கட்டத்தில் ‘திருப்திகரம்’ என்று தானே டைப் செய்து கொண்டுபோவாள். வழிகாட்டி நின்றபடியே கையெழுத்துப் போடுவார். குழு உறுப்பினர் இரண்டு பேரையும் அவரவர் அறைக்குத் தேடிப்போய், சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக் கையெழுத்து வாங்குவாள். கூட்டம் முடிந்தது. மூன்று பேர் மூன்று இடத்தில், மூன்று நாளில் கூடிய கூட்டம். ஒரு பக்கம்கூடப் படிக்காமல் திருப்தி அடையும் இந்த வித்தை சித்தர்களுக்கும் கைவராதது.

திருப்தி என்றால் என்னவென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி, ஜே.ஆர்.எஃப். வாங்குகிறவள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 37,000 ரூபாய், மத்திய அரசுப் பணம். தலைப்பு, பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களில் பெண் நெசவாளர்களின் வேலைத் திருப்தி. களம் காஞ்சிபுரமும் ஆரணியும். 300 பேரைப் பார்த்துப் பேசி வினாப்பட்டியலை நிரப்ப வேண்டும். முறைப்படி முதலில் 30 பேரிடம் முன்னோட்ட ஆய்வு செய்கிறாள். வேலைத் திருப்தியை அளக்கும் பகுதியில் 12 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள்.

அந்தப் பன்னிரண்டும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. க்ரான்பாக் ஆல்பா என்பார்கள். 0.7-ஐத் தொட்டால் பரவாயில்லை என்பது வழக்கம். இவளுக்கு வந்தது 0.54. எங்கே உதைக்கிறது என்று தேடுகிறாள். எதிர்மறைக் கூற்றுகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்துவிட்டோமோ என்று பார்க்கிறாள். திருப்பித்தான் போட்டிருக்கிறாள். பழுது கூற்றிலேயே இருக்கிறது. ஆங்கில நூல் ஒன்றிலிருந்து பெயர்த்துக்கொண்ட ஒரு வரி இப்படி நிற்கிறது: ‘கூலி போதவில்லை என்று நான் நினைப்பதில்லை.’ ஒத்துக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா? தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்திருக்கும் பெண் என்ன சொல்வாள்? “போதலம்மா” என்பாள். அதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? ஒரு நாள் ஒன்றில் அடித்திருக்கிறாள், மறுநாள் ஐந்தில் அடித்திருக்கிறாள். இப்படி மூன்று கூற்றுகள்.

இனி மூன்று வழி. அந்த மூன்று கூற்றையும் தூக்கிவிடலாம். அல்லது நேர்ப்பேச்சாக மாற்றி எழுதி இன்னொரு 30 பேரிடம் சோதிக்கலாம். அல்லது ஏற்கெனவே தமிழில் சோதித்துப் பார்த்த வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். எது சரி என்று புள்ளியியல் தெரிந்த வழிகாட்டி டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். மாணவி தானாக முடிவெடுக்கவும் கூடாது. வினாப்பட்டியலுக்கு ஒப்புதல் தர வேண்டியவர் அவர். அதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம். அதற்குத்தான் அந்த மின்னஞ்சல்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து நினைவூட்டல், அதற்கும் இன்னொரு மன்னிப்பு. பதில் இல்லை. களத்துக்குப் போகாவிட்டால் ஆறு மாதப் படிவத்தில் என்ன எழுதுவது? பயந்துபோய் பழைய வினாப்பட்டியலோடு பஸ் ஏறுகிறாள். ஒரு நாளைக்கு மூன்று பேரைப் பார்த்தாலே பெரிது. முகூர்த்தப் பட்டு நெய்கிற மாதங்களில் யாரும் தறியை விட்டு எழுந்து வந்து பேச மாட்டார்கள். போக வர, எண்களைக் கணினியில் ஏற்ற என்று எட்டு மாதம் போகிறது. அட்டவணைகளோடு ஒரு நாள் சார் வசமாக அகப்படுகிறார். புரட்டுகிறார். முதன்முறையாகப் படிக்கிறார். “என்னம்மா இது, ஆல்பா இவ்வளவு கம்மியா இருக்கு? இதை வெச்சுக்கிட்டு எக்ஸாமினர்கிட்ட நான் எப்படித் தலை காட்டறது? திரும்பக் கலெக்ட் பண்ணு.”

எட்டு மாதம். மாதம் 37,000. ஆக 2,96,000 ரூபாய். மாணவி தின்று தீர்த்ததாகச் சொல்லாதீர்கள். அவள் வெயிலில் அலைந்தாள். அந்தப் பணத்தைக் குப்பையில் போட்டவர் பத்து நிமிடத்தைக் கொடுக்காதவர். அரசாங்கத் தணிக்கை ஒரு டியூப்லைட் வாங்கியதில் நாற்பது ரூபாய் கூடிவிட்டது என்று கேள்வி கேட்கும், பதிலுக்கு மூன்று பக்கம் எழுத வேண்டும். இந்த இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேலான தொகைக்குக் கேள்வி கிடையாது. ஏனென்றால் படிவத்தில் ‘திருப்திகரம்’ என்று இருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது.

மின்னஞ்சலுக்கு ஏன் பதில் வருவதில்லை? நேரம் இல்லை என்பது வெளியே சொல்லும் காரணம். அதே கைபேசியில் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’ வாட்ஸப் குழுவுக்கு வந்துவிடுகிறது. தான் தலைமை தாங்கும் கருத்தரங்கின் போஸ்டர் வருகிறது, ‘ஆய்வாளர்கள் அனைவரும் தவறாது வரவும்’ என்ற கட்டளையோடு. இதற்கெல்லாம் நேரம் உண்டு. உண்மைக் காரணம் வேறு. மின்னஞ்சலுக்குத் தேதி உண்டு. மணி உண்டு. யார் எப்போது எதைக் கேட்டார், யார் பதில் சொல்லவில்லை என்பது அழியாமல் நிற்கும். ஆகவே மின்னஞ்சலைக் கண்டதும் சார் கேட்பது இது: “எதுக்கும்மா மெயில் எல்லாம்? போன் பண்ண வேண்டியதுதானே?” போன் செய்தால் எடுப்பதில்லை. “நேர்ல வா.” நேரில் போனால் வாசலில் உதவியாளர் இருக்கிறார். “சார் மீட்டிங்குல இருக்காரு. உக்காருங்க.” பத்து மணிக்கு உட்கார்ந்தவள் நான்கு மணிக்கு எழுந்திருக்கிறாள். சார் பின்பக்கப் படியில் இறங்கி எப்போதோ போய்விட்டார். போனுக்கும் பெஞ்சுக்கும் தேதி கிடையாது. இதுதான் வசதி.

மறுபக்கமும் உண்டு. சாருக்குத் தேவை என்றால் சந்திப்பு உடனே கிடைக்கும். மின்னஞ்சலே வேண்டாம். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரை ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவர வேண்டும் என்றால் காலை ஐந்து மணிக்கு அழைப்பு வரும். நாக் குழு வருகிறது, கோப்பு தைக்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் அறை திறந்திருக்கும். ஏழு கோப்பில் ஒன்று, ‘ஆசிரியர் - மாணவர் வழிகாட்டல் சந்திப்புப் பதிவேடு’. சந்திக்காத சந்திப்புகளுக்குத் தேதி போட்டு, சந்திக்கப்படாத மாணவியே உட்கார்ந்து நிரப்புவாள். அவள் கற்பனைத்திறன் அங்கேதான் வளர்கிறது.

இது நான் வன்மத்தில் சொல்வது என்று யாராவது எழும்பலாம். 2024 அக்டோபரில் கோவையில் ஒரு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. பட்டம் வாங்க மேடையேறிய ஆய்வாளர் ஒருவர் ஆளுநர் கையில் மனுவைக் கொடுத்தார். வழிகாட்டிகள் வீட்டு வேலை வாங்குகிறார்கள், வாய்மொழித் தேர்வுக்குப் பணம் கேட்கிறார்கள் என்பது அதிலிருந்த புகார். அவர் அந்த மேடையைத் தேர்ந்தெடுத்த நேரத்தைக் கவனியுங்கள். பட்டம் கைக்கு வந்த நாள். அதற்கு முந்திய நாள்வரை வாய் திறந்திருந்தால் பட்டம் வந்திருக்காது என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மாணவருக்கும் தெரியும்.

பேராசிரியர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். அது கொஞ்சம் இருக்கிறது. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வண்டி ஓடுகிறது. தேர்வுத்தாள், சேர்க்கை, தரவரிசை, தணிக்கை என்று இருக்கிற நாலு பேர் தலையில் பத்து பேர் வேலை விழுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் சனிக்கிழமையில் வந்து உட்கார்ந்து, அத்தியாயத்தை வரிவரியாகச் சிவப்பு மையில் திருத்தித் தருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது அல்ல என்று அவர்களுக்கே தெரியும். யாரைப் பற்றியது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பக்கத்து அறை.

பக்கத்து அறைக்காரரின் நேரத்தை எண்ணுவோம். மானியக் குழுவின் 2018 விதிப்படி வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை. அதில் பேராசிரியர் வகுப்பில் நிற்க வேண்டியது 14 மணி. மீதி 26. முனைவர் பட்டத்துக்கு ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய மாணவர் அதிகபட்சம் எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு மணி நேரம் முழுதாகக் கொடுத்தால் எட்டு மணி. வாரத்துக்கு இரண்டு. 26 மணியில் இரண்டு மணி கிடைக்கவில்லை என்றால் அந்த 26 எங்கே போகிறது என்றுதான் கேட்க வேண்டும். கேட்டால் ‘ஆய்வு’ என்பார்கள். ஆய்வு செய்பவளோ வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, ஏன் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்? பதவி உயர்வுக்கும் நேரடி நியமனத்துக்கும் மதிப்பெண் அட்டவணை ஒன்று அதே 2018 விதிகளில் இருக்கிறது. வழிகாட்டிய மாணவர் பட்டம் பெற்றால் தலைக்கு 10. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் 5. மாணவரைச் சந்தித்தால்? அத்தியாயத்தைப் படித்தால்? ஆல்பா ஏன் இறங்கியது என்று சொல்லிக்கொடுத்தால்? அட்டவணையில் அப்படி ஒரு வரிசை இல்லை. முளைக்கும் பயிருக்கு மதிப்பில்லை, மூட்டைக்குத்தான் விலை. சந்திக்காமலே மூட்டை வந்து சேரும் என்று தெரிந்தபிறகு எவர் தண்ணீர் பாய்ச்சுவார்? சோம்பலுக்கு நாம் மனிதர்களைத் திட்டுகிறோம். சோம்பலை லாபகரமாக்கி அரசிதழில் அச்சடித்தவர்களை யாரும் திட்டுவதில்லை.

இனி மாணவிக்கு. அந்த மின்னஞ்சலைத் தூக்கிப் போடு. கும்பிடு மட்டும் போகும் மின்னஞ்சலுக்குக் கும்பிடுகூடத் திரும்பி வராது. அதில் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே இல்லை. ‘ஆய்வு முன்னேற்றம்’ என்று எழுதினால் இரண்டு மணி நேரத் தொல்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். ‘தங்கள் வசதிப்படி’ என்று எழுதினால் வசதி ஒருநாளும் வராது. தலைப்பு வரியிலேயே வேலையைச் சொல். இப்படி: ‘வினாப்பட்டியலில் முடிவு தேவை - 15 நிமிடச் சந்திப்பு - 12 அல்லது 14-ஆம் தேதி.’ பதிவு எண்ணையும் சேர்த்துக்கொள். பின்னால் ஒரு நாள் தேடி எடுக்க உதவும்.

உள்ளே நான்கு பத்தி போதும். ‘ஐயா, வணக்கம். 30 பேரிடம் முன்னோட்ட ஆய்வு முடிந்தது. வேலைத் திருப்திப் பகுதியில் ஆல்பா 0.54. எதிர்மறையாக எழுதிய மூன்று கூற்றுகள் குழப்புகின்றன.’ இது முதல் பத்தி, செய்த வேலை. ‘மூன்று வழி தெரிகிறது. கூற்றுகளை நேராக மாற்றி எழுதி மறுபடி 30 பேரிடம் சோதிப்பது நல்லது என்று நினைக்கிறேன்.’ இது இரண்டாவது. கேள்வியோடு உன் பதிலையும் வை. படிக்காதவரும் ‘சரி’ என்று சொல்ல முடியும்படி வை. ‘12-ஆம் தேதி காலை 11 அல்லது 14-ஆம் தேதி பிற்பகல் 3, இரண்டில் எது தோதுப்படும்?’ இது மூன்றாவது. கடைசிப் பத்திதான் உயிர்: ‘20-ஆம் தேதிக்குள் தங்கள் வேறு கருத்து தெரியாவிட்டால் மாற்றி எழுதிச் சோதிக்கும் வழியில் தொடர்கிறேன்.’ இணைப்பில் மூன்று பக்கம். 180 பக்கத்தை இணைத்தால் அதைத் திறக்காமலிருக்க அவருக்கு நீயே காரணம் எடுத்துக்கொடுத்ததாகும்.

இதில் மரியாதைக் குறைவு ஒரு சொல்லும் இல்லை. கெஞ்சலும் ஒரு சொல் இல்லை. மௌனமாக இருந்தால் அதன் பொருள் என்ன என்பது எழுத்தில் வந்துவிட்டது. எட்டு மாதம் கழித்து “யாரைக் கேட்டுப் பண்ணினே?” என்ற கேள்வி வந்தால், தேதியோடு பதில் இருக்கிறது. முதல் தடவை ‘தொடர்கிறேன்’ என்று எழுதக் கை நடுங்கும். நடுங்கட்டும். எட்டு மாதம் தறி தறியாக அலைவதைவிட அது லேசு.

சிசி என்ற கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்தில் அணுகுண்டு எது என்று கேட்டால் அதுதான். மூன்றாவது நினைவூட்டலில் துறைத்தலைவருக்கு நகல் போட்டால் அது போர்ப் பிரகடனம். “என்னைப் பத்தி எச்.ஓ.டி.கிட்டயே கம்ப்ளெயிண்டா?” என்று அன்றைக்கே போன் வரும். எட்டு மாதம் எடுக்காத போன் அன்றைக்கு மட்டும் தானே அடிக்கும். ஆகவே கோபம் வந்தபிறகு நகல் போடாதே. ஆரம்பத்திலேயே போடு. ஆலோசனைக் குழு உறுப்பினர் இருவருக்கும் முதல் மின்னஞ்சலிலிருந்தே, நல்ல செய்தியாக இருக்கும்போதே, நகல் போய்க்கொண்டிருக்கட்டும். ‘கோர்ஸ் ஒர்க் முடிந்தது, தகவலுக்காக’ என்று தொடங்கு. பழக்கமாகிவிட்டால் அது புகார் ஆகாது. பிறகு பதில் வராத மின்னஞ்சலையும் அந்த இருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சாருக்குத் தெரிந்திருக்கும்.

ஒருவேளை சந்திப்பு நடந்தேவிட்டால்? அன்று மாலையே இன்னொரு மின்னஞ்சல். ‘இன்று சொன்னபடி மூன்று கூற்றுகளையும் மாற்றி எழுதுகிறேன். அடுத்த சந்திப்பு இந்தத் தேதியில். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்தவும்.’ ஐந்து வரி. வாயால் சொன்னதைக் காற்றில் விடாதே. போன மாதம் தூக்கச் சொன்ன அத்தியாயத்தை இந்த மாதம் “ஏன் தூக்கினே?” என்று கேட்கும் வழிகாட்டிகள் உண்டு. அவர்களுக்கு மறதி நோய் ஒன்றும் இல்லை. அதே வாரம் வரவேண்டிய கருத்தரங்கப் படித்தொகை மட்டும் ரூபாய் பைசாவோடு ஞாபகம் இருக்கும்.

இதெல்லாம் செய்தும் பல இடத்தில் சுவர்தான். ஒப்புக்கொள்கிறேன். உதவித்தொகை தொடரவும் அவர் கையெழுத்து, ஆய்வேடு உள்ளே போகவும் அவர் கையெழுத்து. அவரை விட்டு வேறு வழிகாட்டிக்கு மாறலாமே என்றால், பல பல்கலைக்கழகங்களில் அதற்கும் அவரிடமே ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்க வேண்டும். அதை வாங்க அவரைச் சந்திக்க வேண்டும். சந்திக்க மின்னஞ்சல் போட வேண்டும். சிறையிலிருந்து விடுதலை வேண்டுமானால் ஜெயிலர் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும் என்பதை இந்த நாட்டில் கல்வித்துறை மட்டுமே கண்டுபிடித்திருக்கிறது.

கடைசியாக அபராதத்துக்கு வருவோம். ஆய்வை மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அதற்குமேல் மறுபதிவு செய்தால் கூடுதலாக இரண்டு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு. கருணைதான். ஆனால் கூடுதல் காலத்துக்குக் கட்டணம் உண்டு, காலம் கடந்தால் தாமதக் கட்டணமும் உண்டு. கட்டுவது யார்? மாணவி. உதவித்தொகையோ ஐந்தாண்டோடு நின்றுபோகும். தாமதத்தை உண்டாக்கியவர் ஒருவர், தாமதக் கட்டணம் கட்டுபவர் இன்னொருவர். பஸ்ஸை ஓட்டாமல் டிப்போவில் போட்டுவிட்டு, நேரத்துக்குப் போய்ச்சேராததற்குப் பயணியிடம் அபராதம் வாங்கும் போக்குவரத்துக் கழகத்தை நீங்கள் சும்மா விடுவீர்களா?

எனவே புதிய குழு வேண்டாம். கமிஷன் வேண்டாம். வழிகாட்டுதல் குறித்த தேசியக் கருத்தரங்கு சத்தியமாக வேண்டாம், அதற்கும் அந்தப் பெண்தான் நாற்காலி எண்ணுவாள். ஒரே ஒரு திருத்தம் போதும். செமஸ்டர் தொடங்கும் நாளில் ஒவ்வோர் ஆலோசனைக் குழுவின் கூட்டத் தேதியும் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அந்தத் தேதியில் கூட்டம் நடக்காமல், காரணம் வழிகாட்டி என்றால், அந்த மாணவியின் கூடுதல் காலக் கட்டணம் அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட வேண்டும். பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஒரு மாலைச் சிற்றுண்டிக் கருத்தரங்கின் பொன்னாடைச் செலவுதான்.

ஒரே ஒரு மாதம் பிடித்துப் பாருங்கள். மறுநாள் காலை மின்னஞ்சல் எதிர்த்திசையில் போகும். அனுப்புநர், பேராசிரியர். பெறுநர், மாணவி. தலைப்பு, ‘மிக அவசரம்’. உள்ளே ஒரே வரி: “அம்மா, உனக்கு எப்ப வசதிப்படும்?”